நீர்வட்டம்: நான்காம் பாடம்

1974ஆம் ஆண்டு மாசி மாதத்தில், மூதூருக்கருகே கட்டைபறிச்சானுக்கு அப்பால் இருந்த சிறிய தமிழ்க் கலவன் பாடசாலையொன்றில், ஆறாம் வகுப்பிற்கு விஞ்ஞானம் கற்பித்த பூரணி, நீர்வட்டத்திற்கென ஐந்து பாடங்களைக் கொண்ட அலகுத் திட்டம் ஒன்றை எழுதினாள். செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு பாடம். ஆவியாதல் முதலாவது, நீராவி குளிர்ந்து நீராகும் ஒடுங்கல் இரண்டாவது, முகிலும் மழையும் மூன்றாவது, மழைநீர் நிலத்தின்மேல் ஓடுவதும் நிலத்தினுள் ஊறுவதும் நான்காவது, முழு வட்டத்தையும் பிள்ளைகள் தாமே வரைவது ஐந்தாவது.

ஒவ்வொரு பாடத்தினதும் முதற் பத்து நிமிடங்களை, முன்பு கற்றதை நினைவுகூரும் மீட்டலுக்கென அவள் ஒதுக்கியிருந்தாள். முதற் பாடத்திற்கு முன்பாடம் இல்லையாகையால், அன்று ஐந்தாம் வகுப்பிற் கற்ற திண்மம், திரவம், வாயு என்பவற்றைக் கேட்டாள். இரண்டாம் பாடத்தில் முதலாவதிலிருந்து கேட்டாள். நான்காம் பாடத்திற்கோ மூன்றாவதிலிருந்து இரண்டு, இரண்டாவதிலிருந்து ஒன்று, முதலாவதிலிருந்து ஒன்று என நான்கு வினாக்கள். கொப்பிகள் மூடப்பட்டிருக்கும். ஒவ்வொரு பிள்ளையும் தனித்து யோசித்துத் துண்டுத்தாளில் விடை எழுதும். பின்னர் பூரணி விடையைச் சொல்லித் தருவாள்; பிள்ளை தன் தாளைத் தானே திருத்தும். பலர் தவறவிட்ட வினா அடுத்த கிழமை வேறு சொற்களில் மீண்டும் வரும்.

பாடக்குறிப்பிற் கையொப்பமிட்ட அதிபர் சோமசேகரம் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை இது? போன கிழமை படிப்பிச்சதை இந்தக் கிழமையும் கேக்கிறீர். பெடியளுக்கு மறதியோ, உமக்கு மறதியோ?"

"கொஞ்சம் மறக்க விட்டுத்தான் சேர் கேக்கவேணும். கஷ்டப்பட்டு ஞாபகத்துக்கு எடுத்தால்தான் பிறகு நிலைச்சு நிக்கும்."

"மறக்க விடுறதுக்கோ அரசாங்கம் எங்களை வைச்சிருக்கு?" என்று சொல்லி, அவர் தம் பிரம்பினால் மேசையை ஒருமுறை தட்டினார்.

பூரணிக்கு அது மூன்றாம் ஆண்டு. நியமனம் உறுதிப்படுத்தப்பட்டாலன்றி இடமாற்றத்திற்கு விண்ணப்பிக்க இயலாது. சொந்த ஊரான பாலையூற்றில் அவளுடைய தந்தை பாரிசவாதத்திற் படுத்திருந்தார்; அயல்வீட்டார் இரக்கப்பட்டு வாயிற் கஞ்சி ஊற்றிவந்தனர். வட்டாரக் கல்வி அதிகாரி குலசிங்கம் நான்காம் பாடத்தன்று வந்து வகுப்பைப் பார்வையிடுவாரெனக் கடிதம் வந்திருந்தது. அவர் எழுதும் அறிக்கையிலேயே அவளது உறுதிப்படுத்தல் தங்கியிருந்தது.

அதற்கு முதல் நாளாகிய திங்கட்கிழமை மதியம், உலகப்படம் ஒன்றை இரவலாக வாங்கி வருமாறு அதிபர் அவளை மூதூருக்கு அனுப்பினார். அவள் சென்றபின், அவளுடைய பாடக்குறிப்பைக் கையிலெடுத்துக்கொண்டு ஆறாம் வகுப்பிற்குட் புகுந்தார். நான்கு மீட்டல் வினாக்களுக்கும் உரிய விடைகளைக் கரும்பலகையில் இலக்கமிட்டு எழுதினார். மணியடிக்கும்வரை பிள்ளைகள் அவற்றை உரத்துச் சொன்னார்கள். தடுமாறிய ஒவ்வொரு கைக்கும் இரண்டு அடி. தடுமாறாத கை அந்த வகுப்பில் இல்லை.

கடைசி வாங்கில் இருப்பவளான தவமலர் மாத்திரம் அன்று வரவில்லை. நல்ல வெயிலென்று தாய் அவளைக் கடற்கரை மீன்வாடிக்கு அழைத்துச் சென்று, கருவாடு காயவைக்கும் வேலையில் நிறுத்திக்கொண்டாள்.

செவ்வாயன்று அதிகாரி காலை லோஞ்சுப் படகில் மூதூருக்கு வந்து, அங்கிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தார். முகம் துடைத்து, கதிரையில் அமர்ந்து, அலகுத் திட்டத்தைக் கவனமாக வாசித்தார். அவருக்கருகில் அதிபர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"திட்டம் வடிவாயிருக்கு. மீட்டலை நானே செய்யட்டோ ரீச்சர்?"

"ஓம் சேர்."

அவர் வேண்டுமென்றே கடைசி வினாவிலிருந்து தொடங்கி, அதுவும் தம் சொற்களிற் கேட்டார்.

"பிள்ளையள், கடல்தண்ணி உப்பு. அதிலையிருந்து மேலை போற தண்ணிதானே மழையா வருது. அப்ப மழை ஏன் உப்புக் கரிக்கேல்லை?"

வகுப்பு ஒரே குரலில் எழுந்தது.

"வடகீழ்ப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைக் கொண்டுவருவதனால் எமக்கு மார்கழியில் மழை பெய்கின்றது!"

அதிகாரி தலையை நிமிர்த்தினார். பூரணி திகைத்து நின்றாள். அது அவள் பிள்ளைகளின் பேச்சன்று.

"சரி. குளிர்ந்த செம்பின்ரை வெளிப்பக்கத்திலை தண்ணி எங்கையிருந்து வந்தது?"

"முகிலிலுள்ள சிறு துளிகள் ஒன்று சேர்ந்து பாரமாகி மழையாக வீழ்கின்றன!"

"ஒண்டுக்கு ஒண்டு, ரண்டுக்கு ரண்டு!" என்று அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். "கிளியெண்டாலும் ஆளைப் பார்த்துக் கதைக்கும். இது கிராமபோன் தட்டெல்லோ!"

அப்பொழுது அதிபர் சாந்தமான குரலிற் சொன்னார்:

"நான் ரீச்சருக்கு எத்தினை தரம் சொன்னனான் சேர், பாடமாக்கிக் குடுக்க வேண்டாமெண்டு. இந்தக் காலத்துப் பிள்ளையள் கேக்குதுகளே?"

பூரணி வகுப்பைத் திரும்பிப் பார்த்தாள். முன்வாங்கிலிருந்த சிறுவன் ஒருவன் வீங்கிய கையைக் காற்சட்டைக்குள் மறைப்பதை அவள் கண்டாள். யாவும் விளங்கிற்று.

அதிகாரியின் கண் கடைசி வாங்கிற்குச் சென்றது.

"நீ ஏன் பிள்ளை வாயே திறக்கேல்லை?"

தவமலர் எழுந்தாள். "எனக்கு அந்தப் பாட்டுத் தெரியாது சேர். நேத்து நான் வரேல்லை."

"என்ன பாட்டு?"

"பெரிய சேர் அடிச்சுப் படிப்பிச்ச பாட்டு. இவள் சொன்னவள்."

பக்கத்திலிருந்தவள் தலையை வாங்கின்மேற் கவிழ்த்துக்கொண்டாள். அதிபரின் முகத்தைப் பார்க்க எவரும் துணியவில்லை. அதிகாரி மாத்திரம் எதுவும் நிகழாததுபோல, தாம் முதலிற் கேட்ட உப்பு வினாவைத் திரும்பக் கேட்டார்.

தவமலர் சற்று நேரம் கூரையைப் பார்த்தாள். "ரீச்சர் கோப்பைத் தட்டிலை கடல்தண்ணி விட்டு வெயிலிலை வைச்சவ. தண்ணி போயிட்டுது, உப்புக் கிடந்தது. கருவாட்டிலையும் அப்பிடித்தான், காயக் காய வெள்ளையா உப்புப் பூக்கும். மேலை போறது தண்ணி மட்டும் சேர். உப்புக்குப் போக ஏலாது."

"செம்புத் தண்ணி?"

"அது செம்புக்குள்ளையிருந்து வரேல்லை. மீன்பெட்டி ஐஸ் போட்டு, தண்ணியிலை சிவப்புச் சாயமும் கரைச்சுப் பார்த்தனாங்கள். வெளியிலை பிடிச்ச தண்ணிக்கு நிறமில்லை. அது காத்திலை இருந்தது, குளிரிலை ஒடுங்கினது."

"கெட்டிக்காரி. இரு."

பூரணி மேசைக்குத் திரும்பினாள். எஞ்சிய நேரத்தில், அடியில் துளையிட்ட இரு தகரப்பேணிகளில் மணலும் களிமண்ணும் இட்டு நீரூற்றினாள். மணலினூடே நீர் விரைந்து வடிந்தது. களியின்மேற் குளம்போலத் தேங்கிற்று. அதிகாரி தாமே குனிந்து பார்த்தார்.

பாடம் முடிந்தபின் மூவரும் அதிபரின் அறையில் அமர்ந்தார்கள். மேசைமேல் பாடசாலையில் நடப்பவற்றைப் பதியும் சம்பவத்திரட்டும், அவளுடைய உறுதிப்படுத்தற் படிவமும், ஒரு தட்டில் வாழைப்பழமும் இருந்தன.

"உம்மடை படிப்பிப்பு நல்லது," என்றார் அதிகாரி. "அந்தக் கடைசிப் பிள்ளையிலை நான் அதைக் கண்டிட்டன். உமக்கு நல்லாத்தான் எழுதுவன். ஆனா ஒரு சிக்கல் கிடக்கு."

அதிபர் பழமொன்றை உரித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை வகுப்பிலை வைச்சுச் சொல்லிப்போட்டுது. நான் கேக்காத மாதிரிப் போனால், நாளைக்கு ஊருக்குள்ளை கதை வரும். எழுதினால், சோமசேகரத்தின்ரை ஓய்வூதியக் கோவையிலை ஏறும். எட்டு மாதந்தான் இருக்கு. நாங்கள் ரண்டுபேரும் ஆசிரிய கலாசாலையிலை ஒரே அறை."

"ஒரே பாய்," என்றார் அதிபர்.

"அதனாலை, பிள்ளை பொய் சொன்னது, வகுப்பாசிரியை விசாரிச்சு உறுதிப்படுத்தினவ எண்டு ரண்டு வரி. நீர் ஒப்பம் வைச்சால் நானும் இதிலை வைப்பன்."

அவர் படிவத்தைத் தம்பக்கம் இழுத்துப் பேனாவைத் திறந்து காத்திருந்தார்.

"பிள்ளையளின்ரை கையைப் பாருங்கோ சேர்," என்றாள் பூரணி.

"கையைப் பார்த்தால் நான் எழுதவேணும், ரீச்சர். எழுதினால் விசாரணை. விசாரணை முடியுமட்டும் உம்மடை படிவமும் கோவைக்குள்ளை கிடக்கும். ஒரு வருசமோ, ரண்டோ. அப்பாவுக்குச் சுகமில்லையெண்டு கேள்விப்பட்டன்."

பூரணி சம்பவத்திரட்டிற் கையொப்பமிட்டாள். அதிகாரி படிவத்திற் கையொப்பமிட்டார். அதிபர் ஒரு பழத்தை அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கினாள்.

மறுநாட் காலைக் கூட்டத்தில், அதிபர் தவமலரை முன்னே அழைத்தார். ஆறாம் வகுப்பை நோக்கிக் கேட்டார்:

"திங்கக்கிழமை நான் ஆருக்கும் அடிச்சனானோ?"

"இல்லை சேர்!" ஒரே குரல். அதற்கு அவர்கள் பாடமாக்க வேண்டியிருக்கவில்லை.

"உங்களிலை ஆராவது இவளுக்கு அப்பிடிச் சொன்னனீங்களோ?"

"இல்லை சேர்!" தவமலரின் பக்கத்தில் இருப்பவளின் குரலே எல்லாவற்றிலும் உரத்திருந்தது.

"ரீச்சர், நீங்களும் சொல்லுங்கோ. பிள்ளையள் கேக்கட்டும்."

தவமலர் திரும்பிப் பூரணியைப் பார்த்தாள். அச்சமின்றி, வினாவொன்றின் விடைக்குக் காத்திருப்பவள்போலப் பார்த்தாள். ரீச்சர் எப்பொழுதும் சரியான விடையையே சொல்வாள்.

"இல்லை," என்றாள் பூரணி. "ஒருத்தரும் அடிக்கேல்லை."

அதிபர் தவமலருக்கு இரு கைகளிலுமாக ஆறு அடி அடித்தார். ஐந்தாவது அடியில் அவள் கையை இழுத்தமையால், அதனை எண்ணாது மறுபடியும் அடித்தார். அன்று பின்னேரமும் அவள் வாடிக்குச் சென்று, உப்பு மீனை அந்தக் கைகளினாலேயே புரட்டினாள்.

அடுத்த செவ்வாய் ஐந்தாம் பாடம். திட்டத்தின்படி முன்னைய நான்கு பாடங்களிலிருந்தும் ஒவ்வொரு வினா. முதற் பாடத்தின் வினா இம்முறை வேறு வடிவில் வந்தது: காயவைத்த கருவாட்டில் வெள்ளையாகப் பூப்பது யாது? அது ஏன் நீருடன் மேலே செல்லவில்லை? அந்த வினாவை அவள் தவமலருக்காகவே எழுதியிருந்தாள். பிள்ளை அதற்கு நிச்சயமாக விடை எழுதுவாள்; எழுதும்போது ஒருமுறையாவது நிமிர்ந்து பார்ப்பாள் என்று நினைத்தாள்.

தவமலர் நிமிரவில்லை. ஆனால் நிறுத்தாமல் எழுதினாள். எல்லாருக்கும் முன்னதாக முடித்தாள்.

பூரணி விடைகளைச் சொன்னாள். பிள்ளைகள் தங்கள் தாள்களைத் தாமே திருத்திக் கொடுத்தார்கள். பின்னர் பிள்ளைகள் முழு வட்டத்தையும் வரைந்துகொண்டிருக்க, அவள் தாள்களைப் புரட்டினாள். தவமலரின் தாளில், நான்கு இலக்கங்களுக்கும் எதிரே ஒரே வாக்கியம், ஒரு பிழையுமின்றி, அழகிய எழுத்தில் இருந்தது:

வடகீழ்ப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைக் கொண்டுவருவதனால் எமக்கு மார்கழியில் மழை பெய்கின்றது.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் தன் கையாலேயே அவள் சரி அடையாளம் இட்டிருந்தாள்.

தவறிய வினா அடுத்த பாடத்தில் மீண்டும் வரவேண்டும் என்பது பூரணியின் விதி. இந்த அலகில் ஆறாம் பாடம் இல்லை. யன்னலுக்கு வெளியே, விறாந்தையில் அதிபர் பிரம்புடன் நடந்துகொண்டிருந்தார். அவளுடைய மேசை இலாச்சியில் இடமாற்ற விண்ணப்பம் எழுதி மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அவள் புள்ளிப் பட்டியலை எடுத்து, தவமலரின் பெயருக்கு நேரே நான்கிற்கு நான்கு என்று பதிந்தாள்.