ஆதாரத்துடன் வரவும்

சுகாசினி டீச்சர் கடிதம் எழுதினால் அதில் ஒரு கமா கூட இடம் மாறி உட்காராது. இருபத்தோரு வருட சர்வீஸ். ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவின் வகுப்பாசிரியை. பெற்றோர் கூட்டத்துக்கான அழைப்பைத் தட்டச்சு செய்து தருகிறேன் என்று ஆபீஸ் பையன் சொன்னதற்கு, "கையால எழுதினாத்தான்பா படிப்பாங்க" என்று மறுத்துவிட்டுத் தானே எழுதி ஜெராக்ஸ் எடுத்தாள். அவள் கையெழுத்து பள்ளிக்கூடத்திலேயே பிரசித்தம். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் குட்டி வட்டம் போடுவாள். வகுப்பில் பாதிப் பெண்கள் அதைப் பார்த்து வட்டம் போடப் பழகியிருந்தார்கள். அதில் அவளுக்கு ரகசியப் பெருமை.

கடிதம் இப்படிப் போனது:

"அன்புடைய பெற்றோருக்கு, வணக்கம். வரும் புதன்கிழமை, அமாவாசை அன்று, பிற்பகல் மூன்று மணிக்கு நம் வகுப்பறையில் பெற்றோர்-ஆசிரியர் கூட்டம். பேசப்படுபவை: ஒன்று, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்கள். இரண்டு, வருகைப் பதிவு. மூன்று, உதவித்தொகைப் படிவம். நான்கு, பிற பொருள்கள். கொண்டுவர வேண்டியவை: கையெழுத்திட்ட மதிப்பெண் அட்டை, மாணவியின் ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல். பத்து நாளுக்கு மேல் விடுப்பு எடுத்த மாணவியரின் பெற்றோர், காரணத்துக்குரிய ஆதாரத்துடன் கண்டிப்பாக வரவும். சாக்குப்போக்கு வேண்டாம்."

'கண்டிப்பாக' என்பதன் கீழே இரண்டு கோடு. அமாவாசையைத் தேர்ந்தெடுத்ததும் யோசித்துத்தான். அன்றைக்குக் காஞ்சிபுரத்தில் தறி ஓடாது. வேலை கெட்டது என்று எந்தப் பெற்றோரும் சொல்ல முடியாது. தப்பிக்க ஒரு சந்து கூட விடவில்லை என்று அன்றைக்கு அவளுக்குத் திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்திதான் பின்னால் அவளைக் குத்திக் கிழித்தது.

பத்து நாளுக்கு மேல் வராதவள் வகுப்பில் ஒருத்திதான். பிரியதர்ஷினி. கார்த்திகை மாதத்தில் மட்டும் பதினேழு நாள். கணக்கில் எண்பதுக்குக் குறையாதவள், அரையாண்டில் முப்பத்தாறு. ஏன்டி வரவில்லை என்று கேட்டால் தரையைப் பார்ப்பாள். வேறு பதில் கிடையாது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அழைப்பைப் போட்டபோது, கீழே அவள் பெயரையும் போட்டு "17 நாள்" என்று சேர்த்துவிட்டாள் டீச்சர். நாலு பேர் பார்த்தால்தான் உறைக்கும் என்ற நினைப்பு.

புதன்கிழமை மூன்று மணிக்கு வகுப்பு நிறைந்துவிட்டது. மகள்கள் உட்காரும் பெஞ்சில் அம்மாக்கள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தலைமை ஆசிரியர் தேவேந்திரன் நாற்காலியில். அவருக்குப் பக்கத்து மேசையில் சுகாசினி. மதிப்பெண்கள் பேசி முடிந்தன. இரண்டாவது பொருள் வந்தது.

"பிரியதர்ஷினி வீட்டுலருந்து யாரு?"

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். பரமசிவம். நெற்றியில் திருநீறு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தை அமாவாசைக்குக் காலையில் தர்ப்பணம் கொடுத்த கோலத்திலேயே வந்திருக்கிறார். பக்கத்தில் மனைவி இந்திராணி, வலது முன்கையில் அழுக்கேறிய கட்டு. இருவருக்கும் பின்னால் பிரியா. மற்றவர்களின் பார்வை முதுகில் ஊர, மூவரும் மேசைக்கு வந்தார்கள்.

பரமசிவம் பிளாஸ்டிக் கவரைப் பிரித்து ஒவ்வொன்றாக வைத்தார். மதிப்பெண் அட்டை. ஆதார் நகல். வங்கிப் புத்தக நகல். அழைப்புக் கடிதம். எதுவும் குறையவில்லை.

"சரிங்க. பதினேழு நாள் எங்க போனா பொண்ணு?" என்றார் தேவேந்திரன்.

"இவ கொழாயாண்ட வழுக்கி வுழுந்து கை முறிஞ்சிடுச்சி சார். அதான்." ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று மேசைக்கு வந்தது.

"இது அம்மாவோட சீட்டு. கை முறிஞ்சது அம்மாவுக்கு. பொண்ணு ஏன் வரல?"

பரமசிவம் அந்தச் சீட்டை மெல்ல மடித்தார். "கோர்வை பொடவ சார். ஒடம்பு ஒரு கலரு, கரை ஒரு கலரு. ஒத்த ஆளால நெய்ய முடியாது. இந்தாண்ட நான் ஒடம்புக்கு நூல் நாடா வுட்டா, அந்தாண்ட கரைக்கு ஒரு ஆளு ஒக்காந்து வுடணும். எப்பவும் இவதான் ஒக்காருவா. கை போயிடுச்சி. வேற ஆளு கெடைக்கல. அதான் பாப்பாவ..."

தேவேந்திரன் பேனாவை மூடினார்.

"பள்ளிக்கூட நேரத்துல குழந்தையைத் தறியில உக்கார வச்சீங்க. இதை நான் மேல எழுதினா ஆபீசர்ங்க வீட்டுக்கு வருவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும் சார்." பரமசிவம் கவரைத் துழாவினார். "நான் நாள் கேட்டேன் சார். நெசமா கேட்டேன். ஆர்டர் குடுத்தவங்க ஒத்துக்கல. டீச்சரம்மா ஆதாரம் கொண்டாரச் சொல்லி எழுதியிருந்தாங்க. அதான் கையோட கொண்டாந்தேன்."

நாலாக மடித்த ஒரு தாளைப் பிரித்து அழைப்புக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தார்.

கோடு போட்ட மதிப்பெண் தாளின் பின்பக்கம். "உடல் அரக்கு. கரை மயில்கழுத்து. கோர்வை. கார்த்திகை முடிவதற்குள் கண்டிப்பாக வேண்டும். ஒரு நாள் தள்ளினாலும் வாங்க மாட்டேன். சாக்குப்போக்கு வேண்டாம்." 'கண்டிப்பாக' என்பதன் கீழே இரண்டு கோடு. ஒவ்வொரு மெய்யெழுத்தின் தலையிலும் ஒரு குட்டி வட்டம்.

சுகாசினிக்குக் காது இரண்டும் சுட்டது. தம்பி பிரேம்நாத்துக்குத் தை இருபத்தேழில் கல்யாணம். நாத்தனார் முடிச்சு போடப் போகிறவள் அவள். ஐப்பசியில், ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, கையில் கிடைத்த தாளில் எழுதி, புடவைக் கடைக்காரர் தணிகாசலத்திடம் அவளே கொடுத்தது இது. அவர் அதை அப்படியே நெய்பவர் கையில் சேர்த்திருக்கிறார். நடுவில் தணிகாசலம் ஒருமுறை போன் செய்தார். "நெய்யற வீட்ல ஏதோ கஷ்டம்மா, ஒரு பத்து நாள் பொறுத்துக்கறீங்களா?" அவள்தான், "எல்லாரும் சொல்றதுதாங்க இது" என்று வைத்துவிட்டாள். புடவை இப்போது வீட்டு பீரோவில் இருக்கிறது. வந்த அன்று முந்தானைக்குப் பக்கத்தில் ஒரு சாண் தூரம் கரை சேருமிடம் நெளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, "யாரோ கத்துக்குட்டி போட்டிருக்கு" என்று தணிகாசலத்தைப் பிடிபிடியென்று பிடித்ததும் அவள்தான்.

தேவேந்திரன் தாளை எடுக்கக் கை நீட்டினார்.

சுகாசினியின் கை முந்திக்கொண்டது. வருகைப் பதிவேட்டை இழுப்பதுபோல இழுத்து அந்தத் தாளின் மேல் வைத்தாள். யோசித்துச் செய்யவில்லை. ஆனால் செய்தாள்.

"நான் பாத்துட்டேன் சார். கல்யாண ஆர்டர்தான்," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"ஈவு இரக்கம் இல்லாத ஜனங்க. கட்டிக்கிட்டு மினுக்கணும், அவ்வளவுதான்," என்றார் தேவேந்திரன். முன்வரிசை அம்மாக்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். சுகாசினியும் ஆட்டினாள். வெட்கங்கெட்ட தலை, தானாகவே ஆடியது.

பரமசிவத்திடம் வெள்ளைத் தாள் கொடுக்கப்பட்டது. பள்ளி நாட்களில் மகளைத் தறியில் உட்கார வைக்க மாட்டேன், மீறினால் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன் என்று தேவேந்திரன் சொல்லச் சொல்ல, நின்றபடியே குனிந்து எழுதினார். நாற்பது பேர் பார்க்க, கீழே கையெழுத்துப் போட்டார். இந்திராணி கட்டுப் போட்ட கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மூன்றாவது பொருளுக்கு, உதவித்தொகைப் படிவங்களை வரிசையில் நின்று வாங்கினார்கள். பிரியா வந்தபோது சுகாசினி படிவத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தத் தாள் யாரு எழுதினதுன்னு உனக்குத் தெரியுமாடி?"

பிரியா இந்த முறை தரையைப் பார்க்கவில்லை. "மொத நாளே தெரியும் மிஸ். வட்டம் போட்டு இருந்துச்சி."

"பின்ன ஏன் சொல்லல? நான் அத்தனை தடவை கேட்டேனே."

"யாராண்டயும் சொல்லல மிஸ். எங்க அப்பாவாண்ட கூட சொல்லல. நீங்க பயப்படாதீங்க."

பதினான்கு வயதுப் பெண், டீச்சரைப் பார்த்துப் பயப்படாதீங்க என்கிறாள். பதினேழு நாள் ஆப்சென்ட் என்று ஊரறியப் பெயர் போட்டவளை, வாயைத் திறக்காமல் இத்தனை நாள் காப்பாற்றிக்கொண்டு நின்றிருக்கிறாள். சுகாசினிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது. அது எங்கே பிளந்தது? வகுப்பறைத் தரை கெட்டிச் சிமென்ட்.

"நாலு, பிற பொருள்கள்," என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார் தேவேந்திரன். "ஒண்ணும் இல்லைன்னா முடிச்சுக்கலாம்."

"இருக்குது சார்," என்று எழுந்தாள் சுகாசினி.

பதிவேட்டின் அடியிலிருந்து தாளை உருவினாள். அழைப்புக் கடிதத்தையும் எடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள்.

"ரெண்டும் என் கையெழுத்து. அந்தப் புடவை எனக்குத்தான். அவங்க நாள் கேட்டப்ப முடியாதுன்னு சொன்னவ நான். பிரியா வரலைன்னு குரூப்ல பேர் போட்டவளும் நான். அவர் எழுதிக் குடுத்ததை அவர்கிட்டயே குடுத்துடுங்க சார். எழுதிக் குடுக்க வேண்டியவ நான்."

முன்வரிசையில் ஒரு அம்மா இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பெண்ணின் தொடையைத் தட்டினாள். தேவேந்திரன் தான் சொன்னதை நினைத்துக்கொண்டவர்போலத் தொண்டையைச் செருமினார். நாளை ஊர் முழுக்க இதுதான் பேச்சு. இருக்கட்டும் என்று நினைத்தாள். பரமசிவம் திட்டட்டும், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கட்டும். அதற்காகவே காத்து நின்றாள்.

பரமசிவம் பதறிப்போய் முன்னால் வந்தார்.

"அய்யய்யோ, உங்க பொடவையாம்மா? அந்தத் தணிகாசலம் ஒரு வார்த்த சொல்லலியே! தெரிஞ்சிருந்தா பாப்பாவ இன்னும் நாலு நாளு சேத்து ஒக்கார வச்சி, முன்னாடியே முடிச்சிக் குடுத்திருப்பேனே!"

சுகாசினி இரண்டு தாளையும் மேசைமேல் வைத்தாள்.

அவர் குரலை இறக்கி, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார். "கரை ஒட்டனது நேரா வந்துருக்குதாம்மா? அந்தாண்டப் பக்கம் முழுக்க பாப்பா போட்டது. மொதத் தபா."

அப்பாவுக்குப் பின்னால் நின்ற பிரியா டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த இடத்தில் கரை நெளிந்தது என்று அவளுக்குத் தெரியும்.

"நேராத்தான் இருக்குதுங்க," என்றாள் சுகாசினி. "கோணல் எல்லாம் நான் எழுதின சீட்டுலதான்."

பிரியா தலையைக் குனிந்துகொண்டாள்.