நடுப் பத்தி

மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்த அறக்கட்டளை அலுவலகத்தில் கணக்கம்மாவுக்குக் கிடைத்தது ஜன்னலோர மேசை. பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவரில் ஒழுகும் குழாய் தெரியும், அவ்வளவுதான். டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியவர்களை வாரம் மூன்று முறை வேனில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போய்த் திரும்ப வீட்டில் விடுவது அந்த அறக்கட்டளையின் வேலை. வேன் ஒன்று, ஓட்டுநர்கள் இரண்டு பேர், கணக்கம்மா ஒருத்தி. இவர்களுக்கு மேலே செயலாளர்.

செயலாளரை அவருக்குப் பின்னால் எல்லோரும் ‘மைக்’ என்றுதான் சொல்வார்கள். எதிரே இரண்டு நாற்காலியில் ஆள் உட்கார்ந்தால் போதும், தொண்டையைச் சரிசெய்துகொள்வார். நல்ல மனிதர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எந்தக் கடிதத்தையும் முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். முதல் பத்தியில் தன் பெருமை இருக்கிறதா, கடைசியில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். நடுவில் இருப்பது கணக்கம்மாவின் தலைவலி.

இந்த வருடம் நடுவில் இருந்தது நிஜமாகவே தலைவலி.

ஆண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்பு, கடைத்தெருவில் தையல்கடை வைத்திருக்கும் அம்மா ஒன்பது லட்சத்துக்குக் காசோலை கொடுத்தாள். புது வேன் வாங்க மட்டும் என்று கடிதமும் எழுதிக் கொடுத்தாள். அவள் கணவன் கடைசி இரண்டு வருடம் இதே வேனில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். வேன் கம்பெனிக்காரன் வண்டி வர ஆறு மாதம் ஆகும், வந்ததும் பணம் கட்டினால் போதும் என்றான். அதற்குள் பழைய வேனின் எஞ்சின் படுத்துவிட்டது. எஞ்சின் வேலைக்கு எண்பதாயிரம், ஓட்டுநர்களின் சம்பளப் பாக்கி அறுபதாயிரம். பொதுக் கணக்கில் துடைத்து எடுத்தாலும் ஒன்றும் இல்லை.

“வேன் பணத்துலேர்ந்து எடும்மா,” என்றார் செயலாளர்.

“ஐயா, அது புது வேனுக்குன்னு குடுத்தது.”

“பழசு மட்டும் என்ன மாட்டு வண்டியா? வேன் செலவு வேன் செலவுதானே.”

மறுநாள் காலை ஆறு மணிக்கு பதினோரு நோயாளிகள் வாசலில் காத்திருப்பார்கள். கணக்கம்மா காசோலை எழுதினாள். அந்த அம்மாவுக்கு ஒரு போன் செய்து கேட்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, மைக்குக்கும் தோன்றவில்லை. இரண்டு பேருக்கும் அன்று எஞ்சின்தான் கண்ணில் நின்றது.

ஆண்டு முடிந்து தணிக்கையாளர் கணக்கை முடித்துக் கொடுத்தார். மொத்தத்தில் உபரி ஏழு லட்சத்து அறுபதாயிரம். மைக் முகம் மலர்ந்து, நன்கொடையாளர்களுக்குக் கணக்கோடு அனுப்பும் கடிதத்தைத் தானே நின்றுகொண்டு சொன்னார்: “இறையருளாலும் தங்கள் நல்லாதரவாலும் நமது அறக்கட்டளை இவ்வாண்டு உபரியோடு தலைநிமிர்ந்து நிற்கிறது…” எழுதிக்கொண்டிருந்த கணக்கம்மாவின் பேனா ‘உபரி’யில் நின்றது. உபரி என்று படித்தால் மாதம் ஐநூறு அனுப்புகிறவர்கள் ‘இவங்களுக்குத்தான் நிறைய இருக்கே’ என்று நிறுத்திவிடுவார்கள். அதைவிடப் பெரிய வினை, தணிக்கையாளர் கணக்கின் பின்குறிப்பில் பொடி எழுத்தில் எழுதிவிட்டார்: வேன் நிதியிலிருந்து பொதுச் செலவுக்கு எடுத்த ஒரு லட்சத்து நாற்பதாயிரம் திரும்ப வைக்கப்படவில்லை. கடிதம் ஒன்று சொல்லி, கணக்கு வேறு சொன்னால், திருடியவர்கள் மாதிரி இருக்காதா?

அன்று வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

“யாரு படிக்கப்போறா பின்குறிப்பை?” என்றார் அவள் வீட்டுக்காரர்.

“அந்தத் தையல்கடை அம்மா படிப்பாங்க. பொத்தான் விலைய ரெண்டு தடவ கேக்குறவங்க.”

“அப்ப உன் வேலை?”

“அதத்தான் நானும் யோசிக்கிறேன்.”

மறுநாள் தட்டச்சு செய்யும்போது நடுவில் தானாக ஒரு பத்தியைச் சேர்த்தாள். அலங்காரம் எதுவும் இல்லை. ‘மேலே உள்ள உபரி செலவு செய்யக்கூடிய பணம் அல்ல. புது வேனுக்கென்று வந்த ஒன்பது லட்சமும் இதில் அடங்கும். அதை நீக்கினால் பொதுக் கணக்கில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பற்றாக்குறை. அந்தத் தொகையைக் கொடையாளரைக் கேட்காமல் வேன் நிதியிலிருந்து எடுத்து, பழைய வேனின் எஞ்சினுக்கும் ஓட்டுநர் சம்பளத்துக்கும் செலவழித்தோம். கேட்காதது எங்கள் தவறு. வேன் வருவதற்குள் அதைத் திரும்ப வைக்க வேண்டும்.’

மைக் வழக்கம்போல முதல் பத்தியைப் படித்துத் தலையாட்டினார், கடைசியில் தன் பெயரைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். நடுவில் ஒரு வாட்டி பார்த்துடுங்க ஐயா என்று சொல்ல கணக்கம்மா வாயைத் திறந்தாள். பிறகு அந்த வாயாலேயே கொட்டாவி விட்டாள். நூற்று எண்பது நகல், நூற்று எண்பது உறை, எல்லாம் மத்தியானத் தபாலில் போய்விட்டன.

அதற்குப் பிறகு அவளுக்கு மூன்று நாள் தூக்கம் ஏது? மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் கை நின்றுவிடும். போன் அடித்தால், அடிப்பது தனக்கில்லை என்பதுபோலக் குழாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருவேளை தபால்காரரே தொலைத்துவிட்டிருப்பாரோ என்றுகூட நினைத்து, நினைத்ததற்காக வெட்கப்பட்டாள்.

நான்காம் நாள் தையல்கடை அம்மாவே வந்தாள். கழுத்தில் அளவு நாடா, கையில் கடிதம். மைக் எழுந்து நின்று தொண்டையைச் சரிசெய்தார்.

“வாங்கம்மா, உபரியோட தலைநிமிர்ந்து…”

“உக்காருங்க. நீங்க எழுதினத நீங்களே படிச்சீங்களா?”

அவள் விரல் வைத்த இடத்தை மைக் படித்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் மேலிருந்து கீழாக அணைந்துகொண்டே வந்தது. கணக்கம்மாவைப் பார்த்தார்.

“நான்தாங்க எழுதினேன்,” என்றாள் அவள். குரல் தானாகவே கீழே இறங்கிவிட்டது. “ஐயாகிட்ட காட்டிட்டு எழுதியிருக்கணும். தப்புதான்.”

“காட்டியிருந்தா இந்தப் பத்தி என் கைக்கு வந்திருக்காது,” என்றாள் அம்மா. “கேட்டிருந்தா எஞ்சினுக்கும் குடுத்திருப்பேன். எங்க வீட்டுக்காரர் உக்காந்து போன வண்டி அது. ஆனா என் பணத்த எடுத்துட்டு, அத நான் தபால்ல படிச்சுத் தெரிஞ்சுக்கணுமா?”

கீழே மருந்துக்கடையில் யாரோ சில்லறை கேட்டார்கள்.

“பணத்தத் திருப்பிக் கேக்கப்போறீங்களாம்மா?” என்றாள் கணக்கம்மா. கேட்காமல் இருக்க முடியவில்லை.

அம்மா அளவு நாடாவைச் சுற்றினாள், பிரித்தாள். “இல்ல. வண்டி வர்ற அன்னிக்கு மொத்தப் பணமும் இருக்கணும். மாசா மாசம் எவ்வளவு திரும்ப வெச்சீங்கன்னு எனக்கு எழுதி வரணும். அவரு எழுத வேணாம், இவ எழுதட்டும்.” படியில் இறங்கும்போது நின்றாள். “எங்க கடையில புதுசா சேர்ந்த பையன் தைக்கிற சட்டை மாதிரி இருக்கு உங்க கடுதாசி. காலரும் கையும் ஜோரு, உடம்பு வேற துணி.”

மைக் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று கணக்கம்மா தன் பேனாவையும் தண்ணீர் பாட்டிலையும் கண்ணால் எண்ணி வைத்துக்கொண்டாள்.

“இப்ப என்ன பண்றது?” என்றார் கடைசியில்.

“ஒரு லட்சத்து நாப்பதாயிரம் கேட்டு இன்னொரு கடிதம் போடணும் ஐயா. வண்டி வர இன்னும் ரெண்டு மாசம்தான்.”

“கிடைக்குமா?”

“தெரியல.”

மாலை அவள் தட்டச்சு செய்த கடிதத்தை அவர் முன்னால் வைத்தாள். வழக்கம்போலப் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். பிறகு அதைத் திரும்ப மூடி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, இரண்டாவது பத்தியில் விரல் வைத்து, ஒவ்வொரு வரியாக வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போனார். கணக்கம்மா எதிரே நின்றாள். அவர் விரல் ஓர் இடத்தில் நின்றது.

“இங்க ‘தவறு’ன்னு ஒரு தடவதான் இருக்கு,” என்றார். “போதுமா?”