காத்திருப்பில் இருக்கும் உத்தரவு

ஃபீல்டு ஆட்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'பூட்டு'. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். ஆனால் என் காதில் விழுகிற அளவுக்குச் சத்தமாகச் சொல்வார்கள்.

எங்கள் கம்பெனி வீடு வீடாகத் தண்ணீர் ஃபில்டர் மாட்டி, சர்வீஸ் செய்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டு டெக்னீஷியன்கள், ஆளுக்கொரு கம்பெனி போன். ஒருவர் முந்நூறு வாடிக்கையாளர்களின் முகவரியோடு போனைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்த அன்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இதுக்கு ஒரு முடிவு கட்டு" என்றார். கட்டினேன். மூன்று வாரம் ஒவ்வொரு போனாக வாங்கி, முழுசாக அழித்து, முதல் திரையிலேயே எங்கள் க்யூஆர் கோடைக் காட்டி, கம்பெனி பிடிக்குள் கொண்டுவந்தேன். அதன் பிறகு போனில் பதினோரு ஆப் மட்டும்தான். வேறெதையும் ஏற்ற முடியாது. சொந்த மெயில் கணக்கைச் சேர்க்க முடியாது. கேபிள் வழியாகவோ, ப்ளூடூத்திலோ ஒரு கோப்பைக்கூட வெளியே எடுக்க முடியாது. போன் தொலைந்தால் என் நாற்காலியில் இருந்தபடியே ஒரு பொத்தான், அவ்வளவுதான், துடைத்துவிட்ட சிலேட்டு.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் என் அக்கா வீட்டுக்காரரும் ஒருவர்.

"மச்சான், என் மெயிலயாவது போட்டுக்க விடேன். போட்டோ எல்லாம் அதுல ஏறிக்கும்" என்று கேட்டார்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் மாமா."

"பொண்ணு குடுத்த வீட்டு ஆளு பேசுற பேச்சா இது?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். நானும் சிரித்தேன். நியாயமாக நடந்துகொண்டோம் என்ற பெருமை வேறு.

பதினோரு ஆப்பில் வாய்ஸ் ரெக்கார்டரும் ஒன்று. வேலை விவரத்தை டைப் அடிக்கச் சோம்பல்படுகிறவர்கள் பேசிவைக்கட்டும் என்று விட்டிருந்தேன். மாமா அதை வேறு விதமாகப் பயன்படுத்தினார். அவர் மகள் பாப்பாவுக்கு ஐந்து வயது. காலையில் அவர் ஷூ மாட்டும்போது ஏதாவது கேள்வி கேட்பாள். மீனுக்குத் தாகம் எடுக்குமா, லிஃப்ட் மேலே போனால் கீழே யார் இருப்பார்கள், இப்படி. அவர் இரண்டு வீடுகளுக்கு நடுவே வண்டியை ஓரம்கட்டி, பதிலைப் பேசிவைத்து, சாயங்காலம் வந்து அவளுக்குப் போட்டுக் காட்டுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு வீட்டு வாசலில் பெல் அடித்துவிட்டு நின்றவர், கதவு திறப்பதற்குள் விழுந்துவிட்டார். நெஞ்சுவலி. முப்பத்தெட்டு வயது.

எனக்கு மூன்று நாள் லீவு கொடுத்தார்கள். நான்காம் நாள் ஆபீஸ் போனேன். அழுகை வரவில்லை. பசித்தது, சாப்பிட்டேன். யாரோ தோளைத் தட்டினார்கள், தலையை ஆட்டினேன். உடம்பு முழுக்க மரத்துப்போன மாதிரி இருந்தது. எச்.ஆரில் இருந்து வழக்கமான பட்டியல் வந்து கிடந்தது. கம்பெனிக் கணக்கில் இருந்து நீங்கியவர்கள் பதினான்கு பேர். பெயர் இல்லை, பணியாளர் எண்ணும் போனின் சீரியல் எண்ணும் மட்டும். எல்லாவற்றையும் டிக் செய்தேன். 'அழி' என்பதை அழுத்தினேன். உறுதியா என்று கேட்டது. உறுதி என்றேன். டீ வருவதற்குள் பதின்மூன்று போன்கள் 'முடிந்தது' என்று பதில் சொல்லிவிட்டன. ஒன்று மட்டும் 'காத்திருப்பில்' என்று காட்டியது. ஏதோ டிராயரில் அணைந்து கிடக்கும், என்றைக்கு நெட்வொர்க் கிடைக்கிறதோ அன்றைக்கு அழியும் என்று விட்டுவிட்டேன்.

பத்தாம் நாள் மதியம் அக்கா போன் செய்தாள்.

"தம்பி, ஆஸ்பத்திரியில குடுத்த பையை இன்னிக்குத்தான் பிரிச்சேன். அவர் போன் இருக்குடா. சார்ஜ் இல்ல, இப்பதான் போட்டிருக்கேன். பாப்பாவுக்குப் பேசிவச்சதெல்லாம் அதுலதானே இருக்கு? ஆன் பண்ணிப் பாக்கவா?"

காத்திருப்பில் நின்ற அந்தப் பதினான்காவது போன் யாருடையது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா, பவர் பட்டனைத் தொடாத. சார்ஜ் ஏறட்டும். ஆன் மட்டும் பண்ணாத. பாப்பா கைக்கு எட்டாம வை. நான் வரேன்."

"ஏன்டா?"

"வந்து சொல்றேன்."

கிளம்புவதற்கு முன், போன்களைப் பூட்டும் மென்பொருளை எங்களுக்கு விற்ற கம்பெனியைக் கூப்பிட்டேன். அனுப்பின உத்தரவை நிறுத்த முடியுமா என்றேன். முடியாது சார், வரிசையில் நின்றால் நின்றதுதான் என்றான் அங்கே பேசிய பையன். பட்டியலில் இருந்து அந்தப் போனையே எடுத்துவிட்டால்? எடுத்தாலும் அடுத்த தொடர்பில் அழிந்துவிடும் என்றான். கோப்பை வெளியே விடாத தடையையாவது தளர்த்த முடியுமா? அந்தத் தளர்வு போனுக்குப் போய்ச் சேர நெட்வொர்க் வேண்டும், நெட்வொர்க் கிடைத்தால் அழிக்கும் உத்தரவு முந்திக்கொள்ளும். நானே பார்த்துப் பார்த்துப் பூட்டிய பூட்டு. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

அக்கா வீட்டில் முதலில் வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன். பிறகு ஊசியால் குத்தி, அணைந்திருந்த போனில் இருந்து சிம்மை எடுத்தேன். அதற்குப் பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீயா அழுத்தின?"

"ஆமாக்கா."

"பேரு பாக்கலையா?"

"பேரு இல்ல. நம்பர்தான். நான் நம்பரையும் பாக்கல."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள், "சரி. இப்ப என்ன செய்யலாம், அதைச் சொல்லு" என்றாள்.

வழி ஒன்றுதான் இருந்தது. மாமாவின் போனை வெளியுலகத்தோடு சேர்க்காமல் ஆன் செய்வது, ஒவ்வொரு பதிவையும் சத்தமாகப் போடுவது, பக்கத்தில் அக்காவின் போனை வைத்து அதில் பதிவது. இத்தனை பூட்டையும் தாண்டி வெளியே வரக்கூடியது காற்றில் வரும் சத்தம் மட்டும்தான். அதை நான் தடுத்திருக்கவில்லை. தடுக்க வழி இருந்திருந்தால் அதையும் செய்திருப்பேன்.

அக்காவுக்குப் போனின் பின் நம்பர் தெரியும். போன் திறந்தது. நாற்பத்தொரு பதிவுகள். ஜன்னலைச் சாத்தினோம், ஃபேனை நிறுத்தினோம்.

"ஒரு விஷயம்க்கா" என்றேன். "ஓடும்போது பேசக் கூடாது. அழுதாலும் அதுல விழுந்துடும்."

"அழல" என்றாள்.

முதல் பதிவு. ரோட்டுச் சத்தம், ஒரு ஹார்ன், பிறகு அவர் குரல். 'பாப்பா, மீனுக்குத் தாகம் எடுக்குமான்னு கேட்டியே...' அக்கா புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். நான் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. வேலை மாதிரி செய்தோம். வியர்வை ஊற்றியது.

ஆறாவது ஓடிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. பக்கத்து வீட்டில் விளையாட விட்டிருந்த பாப்பா நின்றாள். அக்கா உதட்டில் விரலை வைத்தாள். பாப்பா எங்களைப் பார்க்கவில்லை. நேராக வந்து போனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், தினமும் சாயங்காலம் உட்காருகிற மாதிரி.

'...அதனால லிஃப்ட் மேல போனா, கீழ நிக்கிறவங்க பயப்பட வேண்டாம்டா கண்ணு. அது திரும்பி வரும். சரியா?'

"சரிப்பா" என்றாள்.

'வேற கேள்வி இருக்கா?'

"இருக்கு" என்றாள் பாப்பா. "நீ எப்ப வருவ?"

அதற்குள் பதிவு முடிந்துவிட்டது. அக்காவின் போனில் விநாடிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. பாப்பா பதிலுக்காகக் காத்திருந்தாள். நிறுத்த வேண்டியவன் நான்தான். கையை நீட்டினேன். பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கண் மறைத்தது. பத்து நாளாக வராதது சத்தமாகவே வந்தது. எல்லாம் அதில் பதிவாகிக்கொண்டிருந்தது.