மாரியம்மன் கோயிலில் வந்த குரல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் குளவி கொட்டாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கொட்டி, பிழைத்து, அதற்கப்புறம் பேச்சைத் தொலைத்த ஆள் என் வீட்டுக்காரர் வடிவேல் ஒருவர்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டு, வாரக்கணக்கில் மிஷினில் மூச்சு விட்டார். உயிர் தங்கியது. ஆனால் குழாய் உரசிய புண் ஆறும்போது குரல்வளைக்குக் கீழே பாதை சுருங்கிப்போனது. மூச்சிழுத்தால் கீச்சென்று சத்தம். அதனால் அந்த இடத்துக்கும் கீழே, கழுத்தில் துளை போட்டு வேறு குழாய் வைத்தார்கள். கொழும்பில் ஆபரேஷன் செய்து பாதையை விரித்தால்தான் அதை எடுக்கலாம். அதற்கு முறை வர வேண்டும், காத்திருக்கிறோம்.

மூச்சு கழுத்தோடு போய் வந்துவிடுகிறது. குரல்வளைக்குக் காற்றே போகாது, குரலும் கிடையாது. இந்த மலையில் நின்று கூப்பிட்டால் அந்த மலையில் திரும்பிப் பார்ப்பார்கள், அப்படிப்பட்ட மனுஷன் இப்போது டம்ளரைத் தட்டி என்னைக் கூப்பிடுகிறார். ‘ஏ ரஞ்சி’ என்று அதட்டுவாரே, அது ஒரு தடவை கேட்டால் போதும் என்று ஏங்கினேன். முன்பு அந்த அதட்டலுக்கு எத்தனை சண்டை பிடித்திருக்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பும் முன் நர்ஸ் சுதர்ஷினி என்னை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். உள்குழாயைக் கழற்றிக் கழுவ வேண்டும். மலைக்குளிரில் சளி காய்ந்து இறுகும், அதனால் குழாய் வாயில் ஈரத்துணி தொங்க வேண்டும். குழாயைக் கட்டிவைக்கும் கழுத்து நாடாவுக்குள் ஒரு விரல்தான் நுழையலாம். குழாய் நழுவினால் மாற்றுக்குழாயை இறக்கவும் பழக்கிவிட்டாள்.

"அடைச்சா விசில் மாதிரி கேக்கும், கழுத்துக்குழி உள்ள இழுக்கும். ஒடனே உள்குழாயக் கழட்டுங்க அக்கா. குழாயே நழுவிட்டா அதுல கை வச்சாலும் காத்துப் படாது. இன்னொண்ணு, பேசாத ஆளு திடீர்னு பேசினா சந்தோஷப்பட்றாதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. பேசினால் சந்தோஷப்படாமல் வேறென்ன செய்வார்களாம்?

தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது. தம்பிக்குக் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டுவதாக அவருடைய அக்கா, காளியாயி மதினி நேர்ந்திருந்தார். நான் மாற்றுக்குழாய்கள் போட்ட பிஸ்கட் டின்னை எடுத்தபோது மதினிக்குப் பொறுக்கவில்லை.

"சாமிகிட்டப் போறப்பவும் அந்த டின்னா? நம்பிக்கை இல்லாட்டி எதுக்குப் புள்ள கோயிலுக்கு வர்ற?"

"சாமியும் இருக்கட்டும், டின்னும் இருக்கட்டும் மதினி" என்றேன்.

நான் தேங்காய்த் தட்டோடு வரிசையில் நின்றேன். கயிற்றை உள்ளே நுழைக்க இடம் போதாமல் மதினி நாடா முடிச்சைத் தளர்த்திவிட்டார். அதே நேரம் பூசாரி மந்திரித்து, விபூதியை நேரே கழுத்தைப் பார்த்து ஊதினார். எல்லோருக்கும் முகத்தில் ஊதுகிறவர், இவருக்கு நோய் இருக்கும் இடத்திலேயே ஊதலாம் என்று நினைத்திருப்பார். தூள் குழாய்க்குள் போயிருக்கும். குடலே வெளியே வருகிற மாதிரி இருமல்.

இருமல் நடுவில் கேட்டது. கரகரத்து, நூல் மாதிரி.

"ரஞ்சி."

தட்டு கையிலிருந்து விழுந்தது. மேளம் நின்றது. "தாயே, தம்பி பேசிட்டான்!" என்று மதினி தரையில் விழுந்து கும்பிட்டார். எனக்கும் விழத்தான் தோன்றியது. ஓடிப்போய் இன்னொரு தடவை சொல்லுங்க என்று கெஞ்சத் தோன்றியது.

சுதர்ஷினி சொன்னது நினைவுக்கு வந்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனேன். குழாயின் தகடு கழுத்தை விட்டுத் தூக்கி நின்றது. குழாய் வாயில் கை வைத்தேன், காற்று இல்லை. குரல் வந்த அந்தச் சுருங்கின பாதையில்தான் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். கழுத்துக்குழி உள்ளே இழுத்தது, உதடு நீலம் பாய்ந்தது.

"அம்மன் குடுத்த பேச்ச நீ கெடுக்காத" என்று மதினி கையைப் பிடித்தார்.

"விடுங்க மதினி. இது பேச்சு இல்ல, மூச்சு போவுது."

நழுவிய குழாயை உருவினேன். டின்னிலிருந்த மாற்றுக்குழாயை, வழிகாட்டும் குச்சியோடு ஈரமாக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, துளைக்குள் வளைத்து இறக்கினேன். குச்சியை உடனே எடுத்தேன். புஸ்ஸென்று காற்று என் உள்ளங்கையில் அடித்தது. தகட்டை விடாமல் பிடித்துக்கொண்டு உள்குழாயைப் போட்டு, நாடாவைக் கட்டினேன். மஞ்சள் கயிறும் அதற்கு மேலே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்கியது, உதட்டில் நீலம் வடிந்தது. டொக்டர் பார்க்க வேண்டுமென்று ஆம்புலன்ஸுக்கு அழைத்தோம்.

அது வரும் வரை மடியில் சாய்ந்து என்னையே பார்த்தார். சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது. கேட்டியா என்கிறார்.

"கேட்டுச்சுங்க" என்றேன். அப்போதுதான் அழுகை வந்தது. எத்தனை மாதம் ஏங்கிய குரலை என் கையாலேயே அடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் குரல் அப்படி இனி வரவே கூடாது என்று தினமும் விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறேன். வேண்டி முடித்துவிட்டு, வந்துவிடாதா என்று காது கொடுத்துக்கொண்டும் நிற்கிறேன்.