யாரும் போடாத டீ-சர்ட்டுகள்

இணையத்தில் டீ-சர்ட் விற்கும் கடை ஒன்றுக்கு விவரம் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. என்ன துணி, எந்த முறையில் அச்சு, படம் எத்தனை துவைப்பு தாங்கும், எந்த சைஸுக்கு மார்பகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் வேறு ஊரில் குடும்பமாகிவிட்டாள். இரண்டு அறை வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்தால் அது வாஷிங் மெஷின் சத்தம்தான்.

எழுதுவதில் அவள் கறார். பருத்தி முதல் தண்ணீரிலேயே சற்றுச் சுருங்கும் என்பதால், துவைத்துக் காய்ந்த பிறகே சட்டையை மேசைமேல் விரித்து அக்குளுக்கு அக்குள் டேப் வைப்பாள். படத்தை ஃபிலிமில் அச்சடித்துச் சூட்டில் துணிமேல் ஒட்டும் புதுவகைச் சட்டைகள் வந்தபோது, உள்பக்கத்தை வெளியே திருப்பிக் குளிர்ந்த நீரில் முப்பது தடவை துவைத்துப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. முப்பது துவைப்புக்குப் படம் அப்படியே இருக்கும் என்று மனசாட்சியோடு எழுதிக் கொடுத்தாள்.

கொடியில் சிறிசும் பெரிசுமாகச் சட்டைகள் ஆடுவதைப் பார்த்து, மாடியில் புதிதாகக் குடிவந்த பெண், "பெரிய குடும்பம் போல" என்றாள். இவள் தலையாட்டி வைத்தாள். இல்லை என்று சொல்ல ஏனோ வாய் வரவில்லை.

சில மாதங்களில் கடைக்காரர் கூப்பிட்டார். பத்துத் துவைப்புக்குள் படம் வெடிக்கிறது என்று புகார்மேல் புகாராம். திரும்பி வந்த சட்டைகளை அனுப்பிவைத்தார். பிரித்துப் பார்த்தாள். தொப்பை இழுக்கும் இடத்தில் பாளம் பாளமாக வெடிப்பு. ஒன்றில் படத்தின்மேல் நேராக இஸ்திரிப்பெட்டி ஓடிய தடம். இன்னொன்றின் தோளில் குழந்தை கக்கிய பால்கறை.

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் துவைத்ததெல்லாம் அழுக்கே படாத சட்டை. யாரும் அதைத் தலைவழியே இழுத்து மாட்டவில்லை, அதில் வியர்க்கவில்லை, எந்தக் குழந்தையும் அதைப் பிடித்துத் தொங்கவில்லை.

அன்று மாலை மாடியேறினாள்.

"வீட்ல நான் ஒருத்திதாம்மா. கொடில தொங்குறதெல்லாம் கடைச் சட்டை. உங்க வீட்ல போட்டுட்டு, நீங்க எப்பவும் துவைக்கிற மாதிரியே துவைச்சுக் குடுக்க முடியுமா?"

அந்தப் பெண், அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. "எங்க வீட்டுக்காரருக்கு எக்ஸ்எல் வேணும்க்கா. பெரியவன் போட்டா கிழிச்சிடுவான், பரவாயில்லையா?"

"கிழிக்கட்டும்மா."

இப்போது விவரத்தில் எட்டுத் துவைப்பு என்றிருக்கிறது. உள்பக்கம் திருப்பித் துவைத்து, படத்தின்மேல் இஸ்திரி போடாமல் விட்டால் கூடுதலாக வரும் என்றும் இருக்கிறது. கடைக்காரர் முகம் சுளித்தார். ஆனால் திரும்பி வருவது குறைந்துவிட்டது.

அவள் மெஷின் இப்போது பெரும்பாலும் சும்மா கிடக்கிறது, வீடு முன்பைவிட அமைதி. மாடிப் பெண் சட்டைகளை வாசலிலேயே கொடுத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று ஓடிவிடுவாள். போன வாரம்தான், எப்படி அளக்கிறாள் என்று பார்க்க உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்று இவள் ஒரே சட்டையை இரண்டு தடவை அளந்தாள்.