கறை படாத படம்

அறிவியல் ஆய்வகக் கதவில் அந்தக் குறிப்பு நாலு மூலையிலும் ஊசி குத்தி நின்றது. எழுதியவர் அறிவியல் வாத்தியார். பேனாவை மறந்துவிட்டு வருவாரே தவிர ஸ்கேலை மறந்ததில்லை. பிள்ளைகளுக்கு அவர் ஸ்கேல் சார்.

"செயல்திட்டப் படங்கள் பென்சிலில் மட்டும். பெயர் குறிக்கும் கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டவையாக, உறுப்பைத் தொட்டு முடிய வேண்டும். அம்புமுனை கூடாது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. பெயர்கள் வலப்பக்கம் ஒன்றின் கீழ் ஒன்றாக. தலைப்பு படத்துக்குக் கீழே. நிழல் தீட்டக் கூடாது. அழித்த தடம் தெரிந்தால் தாள் திரும்பும்."

கடைசி வாக்கியத்துக்கு அடியில் இரட்டைக் கோடு.

அந்த இரட்டைக் கோடு தனக்காகவே போட்டது என்று பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குத் தோன்றியது. பென்சிலைத் தொட்டால் முழங்கைவரை கரி ஏறும். வகுப்பில் அவள் பெயரே கரிக்கை. அடுத்த வருடம் உயிரியல் பிரிவில் மிச்சமிருந்தது ஒரே இடம். அதற்கு அவளும் வகுப்புத் தலைவனும் போட்டி. செயல்திட்ட மதிப்பெண் யாருக்கு அதிகமோ அவர்களுக்கு இடம். தோற்றால் அவள் வணிகப் பிரிவில் போய் உட்கார வேண்டியதுதான்.

இதயத்தின் உட்புறத்தை வரைந்து கொண்டுபோனாள். ஸ்கேல் சார் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, அடுப்புல வெச்சு எடுத்தியா?"

"ஒரே ஒரு இடத்துலதான் சார் அழிச்சேன்."

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. பேரம் பேசாத."

"படம் சரியா இருக்கா சார்?"

"அதை அப்புறம் பாக்கலாம். முதல்ல இந்தப் படத்துக்கு முகம் கழுவிக் கூட்டிட்டு வா."

வகுப்பு சிரித்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தாள்; வேறென்ன செய்ய?

வீட்டில் அம்மா தையல் மிஷினில் இருந்தாள். மகள் மூன்று தாளைக் கசக்கி எறிந்ததைப் பார்த்து மிதிப்பதை நிறுத்தினாள்.

"எதுக்குடி மல்லுக்கட்டுற? வெண்ணெய்த்தாளை, அதான் பட்டர் பேப்பரை, மேல வெச்சு எடு. அப்புறம் கவுத்துப் போட்டுத் தேய். கோடு அப்படியே இறங்கும். நான் சட்டைக்கு ஒரு கை வெட்டிட்டு, அதே தாளைத் திருப்பிப் போட்டுத்தானே இன்னொரு கை வெட்டுறேன்?"

பழைய படத்தின்மேல் வெண்ணெய்த்தாளை வைத்துக் கருமையான பென்சிலால் ஒற்றி எடுத்தார்கள். கவிழ்த்துப் புதுத்தாளில் வைத்து, ஸ்பூன் முதுகால் அம்மாவே தேய்த்தாள். பிரித்தபோது ஒரு பொட்டுக் கறை இல்லை. கோட்டின்மேல் மெல்லப் பென்சிலை ஓட்டிய மகள், பெயர்களை மனப்பாடத்திலிருந்து எழுதினாள்: தாளின் இடப்பக்கம் இருப்பது வலது கீழறை, வலப்பக்கம் இருப்பது இடது கீழறை. எதிரில் நிற்பவரின் நெஞ்சைப் பார்ப்பதுபோல என்று ஸ்கேல் சாரே சொல்லிக் கொடுத்தது.

"இந்தக் கையைக் கரிக்கைன்னு எவன் சொன்னான்?" என்றாள் அம்மா.

மறுநாள் ஸ்கேல் சார் குறிப்பின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிக் போட்டார். கோட்டின்மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். தொடுகிறது, வெட்டவில்லை. சுத்தத்துக்கு முழு மதிப்பெண். "பாத்தியா, முடியும்ல?" என்று கையெழுத்துப் போட்டு, இறுதி மதிப்பீட்டுக்கு உயிரியல் டீச்சரிடம் அனுப்பினார்.

உயிரியல் டீச்சர் படத்தில் ஒரு கீழறையின்மேல் விரலை வைத்தார்.

"வலது கீழறைக்கு எதுக்கு இவ்வளவு தடிச்ச சுவர்?"

"இல்ல டீச்சர், தடிச்ச சுவர் இடதுக்கு. அதுதானே உடம்பு முழுக்க ரத்தம் தள்ளணும்."

"வாயில சரியா சொல்ற. தாள்ல மாத்தி எழுதியிருக்க. இதயத்தோட நுனியும் உடம்போட வலது பக்கம் சாஞ்சு நிக்குது."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கவிழ்த்ததில் இதயமே திரும்பிவிட்டது. பெயர்கள் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. வெண்ணெய்த்தாளைக் கவிழ்த்து ஒற்றியதைச் சொல்லி, பையிலிருந்து கறை படிந்த பழைய தாளை எடுத்து நீட்டினாள். டீச்சர் ஒவ்வொரு பெயராகப் பார்த்தார்.

"இது சரியா இருக்கே. இதை ஏன் தரல?"

அவள் பக்கத்தில் நின்ற ஸ்கேல் சாரைப் பார்த்தாள். அவர் சொன்னால் போதும்: நான்தான் திருப்பி அனுப்பினேன், நான்தான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அவர் ஸ்கேலின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"என் குறிப்புல தப்பு எதுவும் இல்லையே டீச்சர்," என்றார் கடைசியில்.

கையெழுத்துப் போட்ட தாளுக்குத்தான் மதிப்பெண். இடம் வகுப்புத் தலைவனுக்குப் போனது. அவன் வரைந்தது வெங்காயச் செல். திருப்பிப் போட்டாலும் வெங்காயம்தான்.

வணிகப் பிரிவுப் படிவத்தை வாங்கிக்கொண்டு ஆய்வகத்தைக் கடந்தாள். கதவில் குறிப்பு புதிதாக இருந்தது. அடியில் ஒரு வரி கூடியிருந்தது: "வெண்ணெய்த்தாளைக் கவிழ்த்து ஒற்றக் கூடாது." கறை இல்லை, அழித்த தடம் இல்லை.

வீட்டுக்குள் நுழையும்போது மிஷின் நின்றது.

"என்னடி சொன்னாங்க? பிடிச்சுதா?"

அம்மாவின் விரல்நுனியில் அன்று தேய்த்த கரி இன்னும் முழுதாகப் போகவில்லை. படிவத்தைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினாள்.

"ரொம்ப சுத்தமா இருக்குன்னு சொன்னாங்கம்மா."