இரண்டு எண்ணுக்கு ஒரே உடம்பு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டுப் போட்டு வலது தோள் செத்துப்போன பிறகுதான், காப்பீட்டு அலுவலகக் கணக்கில் தான் இரண்டு பெண்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. உழைக்க முடியாதவர்களுக்கான ஓய்வூதியம் கேட்டாள். சந்தா போதாது என்று திருப்பிவிட்டார்கள். போதாதாம்! கல்யாணத்துக்கு முன்பிருந்து முதுகொடிய உழைத்தவளுக்கு வந்த பதில் இது.

முதலில் வேலை பார்த்தது ஆயத்த ஆடை ஆலையில். அப்போது பிறப்புச் சான்று கையில் இல்லாததால் பிறந்த தேதி ஜனவரி ஒன்று என்று போட்டுப் பதிந்தார்கள். சலவைக்கூடத்தில் சேரும்போது பழைய காப்பீட்டு அட்டையைக் காணோம். தேடிப் பார்க்கப் பொறுமையில்லாத குமாஸ்தா, சரியான பிறந்த தேதியோடு புது எண்ணில் புது ஆளாகவே பதிந்துவிட்டான். பாதி உழைப்பு ஒரு எண்ணில், பாதி இன்னொன்றில். தனித்தனியே எதுவும் தேறாது.

இணைக்கக் கோரி மனு கொடுத்து, பிறப்புச் சான்றும் இரண்டு இடத்து வேலைச் சான்றும் வைத்தாயிற்று. இன்று விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். டெய்லர் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டே இருந்தான். அது அவளை இன்னும் பதற வைத்தது.

கவுண்டரிலிருந்த அதிகாரியம்மா திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "இந்த ஒரு மாசம் ரெண்டு எண்லயும் சந்தா விழுந்திருக்கே. ஒரே ஆள் எப்படிம்மா ரெண்டு இடத்துல வேலை பார்த்தீங்க?"

பழைய எண் வேறு யாருடையதோ என்று முடிவு கட்டிவிட்டால் இரண்டு எண்ணும் முடங்கும்.

"சொல்லேன்," என்றான் புருஷன். "வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"அந்த மாசம் ஆலைல பேரு மட்டும்தாங்க இருந்துச்சு. சேந்து கிடந்த லீவுல போட்டாங்க. சம்பளம் வந்துச்சு, சந்தாவும் பிடிச்சாங்க. நான் அதுக்குள்ள ஆஸ்பத்திரி வேலைக்கு வந்துட்டேன்."

அதிகாரி ஆலைச் சான்றை மறுபடி புரட்டினாள். கடைசி வேலை நாளுக்குக் கீழே மீதி விடுப்பும் குறித்திருந்தது.

"சரியா இருக்கு. பழைய எண்தான் நிக்கும். புதுசுல உள்ள சந்தாவெல்லாம் அதுக்கு மாறும், அப்புறம்தான் அதை மூடுவோம். பிறந்த தேதி சான்றுல உள்ளபடி திருத்திடலாம். சலவைக்கூடத்துக்கும் தகவல் போகும். மொத்தமா சேத்தா ஓய்வூதியத்துக்குத் தேவையான சந்தா இருக்கும்மா. ஓய்வூதிய மனுவை மறுபடி எழுதிக் குடுங்க."

புருஷனின் கால் நின்றது. அவளுக்கு உயிர் வந்தது.

"ஒண்ணு கேக்கவா?" என்றாள் அதிகாரி. "ஒரு மாசம் முழுக்க ஓட்டுற அளவுக்கு லீவு சேர்ந்திருக்கு. நீங்க லீவே எடுக்க மாட்டீங்களா?"

"எடுக்கலைங்க," என்றாள் அவள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "என் பொண்ணு அம்மை போட்டுக் கெடந்தப்பகூட."